கட்டி சின்னது, உள்ளே கூடு: குழாய் இணைப்பு ஐஸ் மேக்கர் ஃபிரிட்ஜ், டெல்டா வீட்டில்

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்த மன்னார்குடி நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று கேட்டார். குளிர்ச்சி, காய்கறி அறை, கரண்ட் செலவு, சத்தம் எதிலும் குறை சொல்ல முடியாது. கத்திரி வெயிலில் கதவை எத்தனை முறை திறந்தாலும் பால் கெட்டதில்லை. ஆனால் கேள்வி வந்ததும் எனக்கு நினைவுக்கு வருவது அதன் ஐஸ் மேக்கர்தான். குழாய் நேராக இணைந்து, தானே தண்ணீர் பிடித்து, தானே ஐஸ் தள்ளும் அந்தப் பெட்டிக்காகத்தான் இந்த மாடலுக்குக் கூடுதல் விலை. கும்பகோணம் வீட்டில் அது ஒழுங்காக வேலை செய்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். காரணத்தை ஷோரூமிலும் சொல்லவில்லை, பழுது பார்க்க வந்தவர்களும் சொல்லவில்லை.

கோளாறு இரண்டு விதமாக வரும். முதலில் கட்டிகள் சிறுக்கும். எட்டுக் குழி தட்டில் பாதி உயரத்துக்கு மட்டும் ஐஸ் இருக்கும். கையில் எடுத்து அழுத்தினால் உடையும், உள்ளே பதர் நெல் மாதிரி ஓடு மட்டும் இருக்கும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிடும். மோட்டார் சுற்றும், தட்டு காலியாக இருக்கும். பார்ப்பவருக்கு இவை இரண்டு வெவ்வேறு பழுதாகத் தெரியும். என் வீட்டில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வால்வுக்கு வந்து சேரும் தண்ணீரின் அழுத்தம்.

இது புரிய ஐஸ் மேக்கர் தண்ணீரை எப்படி அளக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான மாடல்களில் அது அளப்பதே இல்லை. ஃபிரிட்ஜின் பின்புறம் கீழே இருக்கும் இன்லெட் வால்வைக் குறிப்பிட்ட நேரம், சுமார் 7 விநாடி, திறந்து வைத்துவிட்டு மூடும். அந்த நேரத்தில் வந்ததுதான் கணக்கு. (சில மாடல்களில் ஃப்ளோ மீட்டர் உண்டு, அவற்றில் வேறு விதமாக நடக்கும்.) தட்டு நிறைய 110 முதல் 120 மில்லி வேண்டும் என்றால், விநாடிக்கு 16 மில்லிக்குக் குறையாமல் ஓட வேண்டும். அழுத்தம் குறைந்தால் 7 விநாடியில் 60 மில்லிதான் விழும். நேரம் முடிந்ததும் வால்வு மூடிவிடும்.

குறைந்த தண்ணீர் ஏன் கூடாகிறது? ஐஸ் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும். தட்டின் ஓரத்தில் ஒரு வெப்ப உணரி இருக்கும். தட்டு சுமார் மைனஸ் 9 டிகிரிக்கு வந்ததும், "உறைந்துவிட்டது, தள்ளு" என்று அது உத்தரவு கொடுக்கும். தட்டு நிரம்பியிருந்தால் தண்ணீரின் வெப்பம் முழுவதும் போய், நடுப்பகுதியும் உறைந்த பிறகுதான் அந்த அளவு வரும். பாதித் தண்ணீர் என்றால் உலோகத் தட்டு சீக்கிரமே குளிர்ந்துவிடும். நடுவில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே கட்டி வெளியே விழும். உள்ளிருந்த தண்ணீர் சிந்திக் கீழ்ப் பெட்டியில் இருக்கும் கட்டிகளை ஒட்டவைத்துப் பாறையாக்கும். கட்டி முழு அளவில் இருந்தும் உள்ளே கூடாக இருந்தால் அது வேறு பழுது. உணரியையோ ஃப்ரீசர் குளிரையோ பாருங்கள். சின்னதாகவும் கூடாகவும் இருந்தால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அழுத்தக் கணக்கு. பெரும்பாலான கையேடுகளில் குறைந்தபட்சம் 20 பிஎஸ்ஐ என்று இருக்கும், அதாவது சுமார் 1.4 பார். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் கிட்டத்தட்ட 1 பார் கொடுக்கும். அப்படியானால் தண்ணீர் மட்டம் ஃபிரிட்ஜுக்கு மேல் 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கீழ்தளமும் மாடியும் உள்ள எங்கள் வீட்டைப் பாருங்கள்: இரண்டு தளத்துக்கு 6 மீட்டர், டேங்க் நிற்கும் மேடைக்கு 1 மீட்டர், டேங்க்கில் தண்ணீர் 1 மீட்டர். மொத்தம் 8 மீட்டர், அதாவது 0.8 பார், 11 பிஎஸ்ஐ. மேல்தளம் இல்லாத வீடு என்றால் 5 மீட்டர், சுமார் 7 பிஎஸ்ஐதான். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வீடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான். மோட்டாரில் ஏற்றி மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறக்கும் ஊரில் இந்த இயந்திரத்துக்குத் தேவையான அழுத்தம் இருப்பதே இல்லை.

ஐஸ் முழுதாக நிற்பதற்கும் இதுவே காரணம் ஆவது எப்படி? அந்த வால்வுக்குள் ஒரு ரப்பர் டயாபிரம் இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு நுண்துளை, நடுவில் ஒரு நுண்துளை. வால்வின் மின்காந்தச் சுருளான காயில் கரண்ட் வாங்கி நடுத்துளையை அடைத்திருக்கும் ஊசியைத் தூக்கினால், டயாபிரமுக்கு மேலுள்ள தண்ணீர் வெளியேறி, கீழிருந்து வரும் அழுத்தம் அதைத் தூக்கும், வால்வு திறக்கும். கரண்ட் போனால் ஊசி விழும். ஓரத்துளை வழியாகத் தண்ணீர் மேலே நிரம்பி, தண்ணீரின் சொந்த அழுத்தமே டயாபிரமைக் கீழே அமுக்கி மூடும். ஆகவே மூடுவதற்கும் அழுத்தம் வேண்டும். அது குறைந்தால் டயாபிரம் இறுக்கமாக உட்காராது, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு கசியும். அந்தச் சொட்டு ஃப்ரீசரின் மேல்பகுதியில் இருக்கும் நிரப்புக் குழாயின் வாயில் நின்று மைனஸ் 18 டிகிரியில் உறையும். சொட்டின் மேல் சொட்டாகக் குழாயை அடைத்துவிடும். பிறகு வால்வு நன்றாகத் திறந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது.

வந்த மெக்கானிக் காயிலை மல்டிமீட்டரில் பார்த்தார். "சார், வால்வு போயிடுச்சு" என்று புதிது மாட்டினார். புது ரப்பர் என்பதால் சில வாரம் சொட்டு நின்றது, கட்டியும் கொஞ்சம் பெரிதானது. பிறகு மீண்டும் பழைய கதை. அடுத்து வந்தவர் ஐஸ் மேக்கர் பெட்டியையே மாற்றச் சொன்னார். இரண்டுக்கும் செலவு மேலே போய்க்கொண்டிருக்க, ஒருவர்கூட அழுத்தமானியை எடுத்து வைக்கவில்லை. இதில்தான் எனக்கு ஆத்திரம். பழுதான பொருளை மாற்றுவதற்கு முன், அதைப் பழுதாக்கியது எது என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. ஃபிரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். பின்புறம் வால்வுக்கு வரும் கால் இஞ்ச் டியூபை, அதன் குழாயை மூடிவிட்டுக் கழற்றி, வாளியில் விட்டு, குழாயைத் திறந்து 30 விநாடி ஓட விடுங்கள். அரை லிட்டர் வர வேண்டும் (விநாடிக்கு 16 மில்லி என்று மேலே போட்ட கணக்கின்படி). வராவிட்டால் குற்றம் ஃபிரிட்ஜில் இல்லை. வந்தால்கூட வாளியில் சும்மா ஓடுவதற்கும் வால்வைத் தாண்டி ஒன்றரை மீட்டர் மேலே ஏறுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கழற்றிய இடத்தில் வால்வின் வாயில் ஒரு சிறு வலை இருக்கும். மணலும் சுண்ணாம்புப் படிவும் அங்கேதான் சேரும். அதை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து மாட்டுங்கள், கிழித்துவிடாதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரை இதில் இணைப்பதே வேண்டாம். உப்பும் படிவும் நுண்துளையை அடைத்து வால்வை மூடவிடாமல் வைக்கும்.

அடுத்து ஃபில்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் இருக்கும் கொஞ்ச அழுத்தத்தையும் அதுவே தின்னும். சில மாடல்களில் ஃபில்டர் இல்லாமல் ஓட்ட ஒரு பைபாஸ் மூடி கிடைக்கும். அதை மாட்டி, டியூபையும் ப்ளக்கையும் திரும்ப இணைத்து ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். ஐஸ் மேக்கரின் சோதனைப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், ஐஸைத் தள்ளும் கை சுழன்று, பின் தட்டில் தண்ணீர் விழும். அதை ஊசி போடும் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி அளக்கலாம். எங்கள் வீட்டில் ஃபில்டருடன் 60 மில்லி, பைபாஸில் 75. அதாவது ஃபில்டர் ஒரு பங்கு, பெரிய குற்றவாளி அழுத்தம்.

மூன்றாவது கசிவு. நிரப்புக் குழாயில் ஐஸ் இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள், கீழே துணி வையுங்கள். கத்தியோ ஸ்குரு டிரைவரோ வேண்டாம், பிளாஸ்டிக் உடையும். கரைந்ததும் ஒருமுறை நிரப்பிவிட்டு, ப்ளக்கை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் குழாய் வாயைக் கவனியுங்கள். கரண்ட் இல்லாமலும் சொட்டினால் வால்வு இறுக்கமாக மூடவில்லை. ப்ளக் இருக்கும்போது மட்டும் சொட்டினால் மின்பலகை வால்வைத் திறந்தே வைத்திருக்கிறது.

சொட்டே இல்லாமலும் உறைபனி வருவதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றெல்லாம் ஈரம். ஐஸ் விழும் வாயில் இருக்கும் மூடி, சிக்கிய ஒரு துண்டால் திறந்தே நின்றால், அந்த ஈரம் உள்ளே போய்க் குழாயைச் சுற்றிப் பனியாகக் கட்டும். ஒரு காகிதத் துண்டை மூடியில் வைத்து இழுத்துப் பார்த்தால் இறுக்கம் தெரிந்துவிடும்.

முடிவாகத் தீர்த்தது பம்புதான். எங்கள் ஆர்ஓவின் தொட்டி அழுத்தமில்லாதது, சுவரில் மாட்டிய வகை. அதிலிருந்து ஃபிரிட்ஜுக்கு நேராக டியூப் போடுவது மேல்நிலைத் தொட்டியைவிட மோசம். அதன் வெளிவழிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில், பிரஷர் ஸ்விட்ச் உள்ள சிறு டயாபிரம் பம்பு ஒன்றும் தண்ணீரைப் பின்னோக்கி விடாத வால்வு ஒன்றும் வைத்தாயிற்று. பம்பு சுமார் 2 பாரில் நிற்கும். அந்த அழுத்தத்தில் தட்டில் 115 மில்லி விழுகிறது. கட்டி நிறைந்து, நடுவும் கெட்டியாக வருகிறது. சொட்டும் நின்றது, மாற்றிய அதே வால்வுதான். பம்பு வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெளியே எங்கோ டியூப் கசிந்தால் பம்பு விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். சமையலறை அமைதியாக இருக்கும் இரவில் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இப்போது அந்த ஐஸ் மேக்கர் அருமையாக வேலை செய்கிறது. மோருக்கும் நன்னாரி சர்பத்துக்கும் விருந்தாளிகள் எத்தனை பேர் வந்தாலும் குறைவில்லை. இருந்தாலும் நண்பரே, மேல்நிலைத் தொட்டி ஒன்றையே நம்பி இருக்கும் உங்கள் வீட்டுக்கு இந்த மாடலை வாங்காதீர்கள். அதே ஃபிரிட்ஜில், உள்ளே கையால் தண்ணீர் ஊற்றி வைக்கும் தொட்டி கொண்ட வகை கிடைக்கும். அதில் வெளிக் குழாய் அழுத்தமே தேவையில்லை. குழாய் இணைப்புதான் வேண்டும் என்றால், டெலிவரிக்கு முன்பே பம்புக்கு ஒரு ப்ளக் பாயிண்ட்டும் கால் இஞ்ச் பந்து வால்வும் ஃபிரிட்ஜ் நிற்கும் சுவரில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜை நகர்த்தி வைத்த பிறகு அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.