ஜன்னலைத் திறந்தது யார்? ரஷ்ய இறந்தகாலத்தின் இரட்டை வினைகள்

ரஷ்யப் பயிற்சித் தாளில் கோடிட்ட இடத்தைக் கண்டதும் நாம் முதலில் தேடுவது துப்புச் சொல்லைத்தான். 'தோல்கா', அதாவது வெகுநேரம், என்றிருந்தால், வேலை நடந்ததை மட்டும் சொல்லும் இம்பெர்ஃபெக்டிவ் வினை: பிஸால், எழுதினான். 'நகன்யெத்ஸ்', கடைசியில், என்றிருந்தால், வேலை முழுமையானதைச் சொல்லும் அதன் ஜோடி, பெர்ஃபெக்டிவ்: நபிஸால், எழுதி முடித்தான். 'த்வா சஸா' என்றால் இரண்டு மணி நேரம் படித்தான், சித்தால். அதற்கு முன்னால் ஒரு 'ஸ' ஒட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் படித்து முடித்தான், ப்ரசித்தால். இதுவரை தகராறு இல்லை.

துப்பே இல்லாத வாக்கியத்தில்தான் மாட்டிக்கொள்வோம். 'கொண்டிருந்தான்' என்றால் இம்பெர்ஃபெக்டிவ், 'விட்டான்' என்றால் பெர்ஃபெக்டிவ் என்று நாமே ஒரு சூத்திரம் வைத்திருப்போம். அது பாதி வழிக்குத்தான் வரும்.

ஒரு பயிற்சியைப் பார்ப்போம். அறை சில்லிட்டுக் கிடக்கிறது. ஜன்னல் மூடியிருக்கிறது. உள்ளே வந்தவர் கேட்கிறார்: "ஜன்னலை யார் ____?" திறந்து முடிந்த வேலைதானே என்று 'அத்க்ரில்' என்ற பெர்ஃபெக்டிவை எழுதினால் பொருந்தாது. அப்படிக் கேட்டால் ஜன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். இங்கே திறந்து, மறுபடி மூடியும் ஆயிற்று. அதனால் 'அத்க்ரிவால்'. வேலை முடிந்ததா என்பதல்ல, அதன் பலன் இப்போது நிற்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

இது நமக்குப் புதிதும் அல்ல. "நண்பன் வந்திருக்கிறான்" என்றால் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்: ப்ரிஷோல். "நண்பன் வந்திருந்தான்" என்றால் வந்துவிட்டுப் போயாயிற்று: ப்ரிஹதீல். 'கொண்டிருந்தான்' சூத்திரத்தைவிட இந்த ஜோடியை மனதில் வைத்துக்கொள்வது மேல் என்பேன்.

ஆனால் இதுவும் எல்லா வினைக்கும் செல்லாது. திறப்பது, வருவது, விளக்கைப் போடுவது போல, செய்ததைத் திருப்பிவிட முடிகிற வினைகளுக்கே சரி. படித்த புத்தகத்தைப் படிக்காததாக ஆக்க முடியாதே! அங்கே கணக்கு வேறு. "இந்த நாவலைப் படித்திருக்கிறீர்களா?" என்று பொதுவாக விசாரிக்கும்போது, முழுக்கப் படித்தவரிடமும் 'சித்தாலி' என்றுதான் கேட்பார்கள். 'ப்ரசித்தாலி' என்றால், படிப்பதாகச் சொன்னீர்களே, முடித்தாயிற்றா என்ற தொனி வந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் அர்த்தமே பிளந்துபோகும் இடம் பரீட்சை. இம்பெர்ஃபெக்டிவான 'ஸ்தவால்', பரீட்சை எழுதினான் என்பதோடு நின்றுவிடும். பெர்ஃபெக்டிவான 'ஸ்தால்' தேறினான் என்று சொல்லும். "ஸ்தவால், ஆனால் ந்யெ ஸ்தால்" என்பது முரண் அல்ல, எழுதினான், தேறவில்லை, அவ்வளவுதான். எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். காய்ச்சலால் பரீட்சைக்கே போகாதவர் 'ந்யெ ஸ்தவால்' என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் 'ந்யெ ஸ்தால்' என்றால் கேட்பவர், "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்.