பத்திகளை இடம் மாற்றும் கட்டுரையில் ‘மேலது’, ‘மு.நூ.’: கையால் திருத்துவதா, மென்பொருளிடம் விடுவதா?

ஆய்வேட்டின் ஒரு இயலை ஆய்விதழ்க் கட்டுரையாகச் சுருக்கும் வேலை எனக்கு வந்தது. சோழர் கால நிலவுரிமை பற்றிய இயல். ஆய்வேட்டில் கால வரிசையில் போன வாதம் கட்டுரையில் பொருள் வரிசைக்கு மாற வேண்டும். பத்திகளை வெட்டி ஒட்டுவது பெரிய வேலையில்லை. அடிக்குறிப்புகளில் முந்தைய குறிப்பின் நூலையே சுட்டும் ‘மேலது’களும், முன்பே முழு விவரம் தந்த நூலைச் சுட்டும் ‘மு.நூ.’க்களும்தான் பாடாய்ப் படுத்தின. அவற்றுக்குப் பதிலாக என்ன போடுவது என்பதற்கு மூன்று வழிகள் கண்ணில் பட்டன: எல்லாவற்றையும் கையாலேயே குறுந்தலைப்பாக மாற்றுவது, ஸோட்டெரோ போன்ற மேற்கோள் மென்பொருளில் ஏற்றுவது, அடிக்குறிப்பையே விட்டுவிட்டு ஆசிரியர்–ஆண்டு முறைக்குப் போவது. நான் எடுத்தது இரண்டாவது வழி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எந்த வழி என்றாலும் முதலில் செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய வரிசை கலையாமல் இருக்கும்போதே ஒவ்வொரு ‘மேலது’வும் எந்த நூல் என்று எழுதிவிட வேண்டும். பக்க எண்களை உதாரணத்துக்கு வைத்துக்கொண்டு பாருங்கள்:

```
12. நீலகண்ட சாஸ்திரி, சோழர்கள், ப. 240
13. மேலது, ப. 270
14. பர்ட்டன் ஸ்டெயின், 1980, ப. 255
15. மேலது, ப. 258
16. சாஸ்திரி, மு.நூ., ப. 310
```

14, 15 உள்ள பத்தியைத் தூக்கி 12க்கும் 13க்கும் நடுவில் வைத்தால் வேர்டு எண்களை அழகாக மாற்றிவிடும். ஆனால் சாஸ்திரியைச் சுட்டிய ‘மேலது, ப. 270’ இப்போது ஸ்டெயினைச் சுட்டும். இரண்டுமே பெரிய நூல்கள், இரண்டிலும் 270ஆம் பக்கம் இருக்கும். ஆகவே மதிப்பீட்டாளர் கண்ணிலும் இது படாது, மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் படாது. யாராவது நூலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

‘மு.நூ.’வில் சிக்கல் இன்னும் ஆழம். சாஸ்திரியின் சோழர் நூல் முதலில் 1935, 1937 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1955இல் ஒரே தொகுதியாக வந்தது. இரண்டுக்கும் பக்க எண் ஒத்துப்போகாது. அவருடைய தென்னிந்திய வரலாறும் அதே 1955இல்தான் வெளியானது. பாண்டியர் பற்றிய நூல் 1929. முழு விவரம் இருந்த முதல் அடிக்குறிப்பு வெட்டப்பட்ட பத்தியோடு போய்விட்டால், ‘சாஸ்திரி, மு.நூ., ப. 310’ என்பது இவற்றில் எது, எந்தப் பதிப்பு என்று சொல்ல வழியே இல்லை. அதனால் பழைய கோப்பைத் திறந்து, ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் இப்படி ஒரு அடையாளம் போட்டுக்கொண்டேன்:

```
13. மேலது, ப. 270  [[சாஸ்திரி-சோழர்-1955, 270]]
```

இதில் கவனிக்க வேண்டிய இடம், முந்தைய குறிப்பில் இரண்டு நூல்கள் இருந்து அடுத்ததில் வெறும் ‘மேலது’ என்று இருப்பது. அது பழைய வரிசையிலேயே தெளிவில்லாத குறிப்பு. ஊகிக்காமல் நூலை எடுத்துப் பக்கத்தைப் பார்த்துவிடுவதுதான் வழி. இந்த வேலையை எந்த மென்பொருளும் செய்து தராது.

சரி, இனி ஒப்பீடு. ஒவ்வொரு குறிப்பிலும் முழு விவரத்தையும் திரும்பத் திரும்ப எழுதலாம் என்பதை ஒரு வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. எந்த இதழும் அத்தனை இடம் தராது.

ஆசிரியர்–ஆண்டு முறை இடத்தை நம்பி நிற்பதில்லை. ‘(ஸ்டெயின் 1980: 255)’ என்பதை எங்கே தூக்கி வைத்தாலும் அதே பொருள்தான். சமூகவியல், மொழியியல் கட்டுரை என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். வரலாற்றுக் கட்டுரையில் இரண்டு இடத்தில் இடிக்கும். சாஸ்திரியின் இரண்டு நூல்களும் 1955 என்பதால் 1955அ, 1955ஆ என்று பிரிக்க வேண்டும். பட்டியலில் இன்னொரு 1955 நூல் சேர்ந்தால் அ, ஆ வரிசை மாறக்கூடும். கையால் போட்டிருந்தால் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும். இரண்டாவது, ஒரு வாக்கியத்துக்கு நான்கைந்து கல்வெட்டுகளைச் சான்று காட்டும்போது அடைப்புக்குறிகள் வாக்கியத்தையே விழுங்கிவிடும்.

கைவழிக் குறுந்தலைப்பு என்பது ‘சாஸ்திரி, சோழர்கள் (1955), ப. 270’ என்று எல்லா இடத்திலும் எழுதிவிட்டு, முழு விவரத்தைக் கடைசியில் நூற்பட்டியலில் தருவது. சிகாகோ நடைக் கையேட்டின் 17ஆம் பதிப்பே 2017இல் ‘மேலது’ வகைச் சுருக்கத்தைவிட இந்த வடிவத்தை விரும்பத் தொடங்கிவிட்டது. நூற்பட்டியலை ஏற்கும் இதழ், முப்பது நாற்பது குறிப்புகள், ஒரே ஒரு முறை வரிசை மாற்றம் என்றால் இதுவே போதும். எதையும் புதிதாகக் கற்க வேண்டாம்.

ஆனால் பல இதழ்கள் நூற்பட்டியலை வாங்குவதில்லை. முதல் முறை வரும்போது முழு விவரம், பிறகு சுருக்கம் என்று கேட்கும். அங்கே கைவழி தடுமாறுகிறது. என் முடிவைத் தீர்மானித்ததும் இந்த ஒன்றுதான்: அடுத்த முறை வரிசை மாறும்போது எவ்வளவு வேலை? கட்டுரை ஒரே தடவை மாறி நின்றுவிடுவதில்லை. மதிப்பீட்டாளர் ‘மூன்றாம் பகுதியை முன்னால் கொண்டுவரவும்’ என்பார். வழிகாட்டி ஒரு பத்தியை எடுக்கச் சொல்வார். அப்புறம் அந்த இதழ் திருப்பி அனுப்பி, வேறு பாணி கேட்கும் இதழுக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் எந்த நூலின் முதல் வருகை எங்கே நகர்ந்தது என்று பார்த்து, முழு விவரத்தை அங்கே கொண்டுபோய், பழைய இடத்தைச் சுருக்க வேண்டும். ‘காண்க: குறிப்பு 12’ என்று எண்ணைத் தட்டச்சு செய்திருந்தால் அதுவும் பொய்யாகிவிடும்.

ஸோட்டெரோவில் ஒரு குறிப்புக்குள் கிடப்பது ‘மேலது’ என்ற சொல் இல்லை. இந்த நூல், இந்தப் பக்கம் என்ற தகவல்தான் கிடக்கிறது. முழு வடிவமா, சுருக்கமா, மேலதுவா என்பதை அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பாணிக் கோப்பு தீர்மானிக்கிறது. பத்தியை வெட்டி ஒட்டிவிட்டு `Refresh` அழுத்தினால் முதல் வருகை தானாக விரிகிறது, பழையது சுருங்குகிறது. ஆரம்ப உழைப்பு அதிகம்தான். நூல்களைப் பதிப்பு விவரத்தோடு ஏற்ற வேண்டும், நான் போட்டுவைத்த ஒவ்வொரு அடையாளத்தையும் `Add/Edit Citation` வழியாக மாற்ற வேண்டும். ஆனால் அது ஒரு தடவை செய்யும் வேலை.

தமிழ்க் கட்டுரைக்கு ‘Ibid.’ என்று வந்து நிற்குமே என்ற கேள்வி வரும். பாணிக் கோப்பு சாதாரண உரைக்கோப்புதான். `</info>` வரிக்குக் கீழே இதைச் சேர்த்தால் போதும்:

```xml
<locale>
  <terms>
    <term name="ibid">மேலது</term>
    <term name="page" form="short">
      <single>ப.</single>
      <multiple>பக்.</multiple>
    </term>
  </terms>
</locale>
```

கோப்பின் `title`, `id` இரண்டையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பாணிகள் தானாகப் புதுப்பிக்கப்படும்போது உங்கள் மாற்றம் போய்விடும். சிகாகோ அடிக்குறிப்புப் பாணி பக்க எண்ணுக்கு முன் எந்த அடையாளமும் போடாது, அதில் ‘ப.’ வரவில்லையே என்று தேட வேண்டாம். தந்தை பெயரின் முதலெழுத்தோடு எழுதும் தமிழ்ப் பெயர்களை ஸோட்டெரோவில் ஒற்றைப் புலமாக மாற்றி இடுவது நல்லது. இல்லாவிட்டால் எதைக் குடும்பப் பெயராக எடுப்பது என்று அது குழம்பி, சுருக்க வடிவில் வெறும் முதலெழுத்து நிற்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கல்வெட்டுச் சான்றுகளை நான் ஸோட்டெரோவில் ஏற்றவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையை ‘தெ.இ.க., தொ. 2, எண் 1’ என்று தொகுதியும் எண்ணும் போட்டுச் சுட்டினால் அது எந்த இடத்திலும் தனியாக நிற்கும், சுருக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கையால் எழுதியது மென்பொருளின் கண்ணுக்குத் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. ஒரு குறிப்பில் ஸ்டெயினை மென்பொருள் வழியாகப் போட்டு, அதன் பின்னாலேயே ஒரு கல்வெட்டைத் தட்டச்சு செய்து, அடுத்த குறிப்பில் மறுபடி ஸ்டெயின் வந்தால் ஸோட்டெரோ ‘மேலது’ என்றே எழுதும். படிப்பவருக்கு அது கல்வெட்டையும் குறிக்கலாம். இதனால் கல்வெட்டும் நூலும் கலந்த கட்டுரைக்கு மேலது போடாத, சுருக்கத் தலைப்பு மட்டும் தரும் பாணியையே நான் பரிந்துரைப்பேன். என் கட்டுரைக்கும் கடைசியில் அதைத்தான் வைத்தேன். மேலே தந்த திருத்தம் மேலதுவைக் கட்டாயம் கேட்கும் இதழ்களுக்கு.

இன்னொரு குறை கூட்டாக எழுதுபவர்களுக்கு. ஒருவர் வேர்டு, இன்னொருவர் லிப்ரே ஆபிஸ் என்றால் மேற்கோள்களை `Bookmarks` வடிவில் சேமிக்கச் சொல்வார்கள். அந்த வடிவில் அடிக்குறிப்புக்குள் மேற்கோள் வைக்கவே முடியாது. அடிக்குறிப்புக் கட்டுரைக்கு இருவரும் ஒரே செயலியில் இருப்பதுதான் சிக்கலில்லாத வழி. அது நடக்காது என்றால் கைவழிக் குறுந்தலைப்புக்கே திரும்பிவிடுங்கள்.

லேடெக் பயன்படுத்துபவர்களுக்கு `biblatex` தொகுப்பின் `verbose-ibid` பாணி இதே வேலையைச் செய்கிறது. `citereset=section` என்று கொடுத்தால் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் கணக்கு புதிதாகத் தொடங்கி, முழு விவரம் மறுபடி வரும். நான் அதைச் சிறிய அளவில்தான் பயன்படுத்தியிருக்கிறேன், நீண்ட கட்டுரையில் எப்படி என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

எல்லாம் மாற்றியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேர்டில் ஒரு எளிய சோதனை உண்டு. அமைப்புகளில் `Field shading` என்பதை `Always` என்று வையுங்கள். மென்பொருள் போட்ட மேற்கோள்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரியும். பிறகு ‘மேலது’, ‘மு.நூ.’ இரண்டையும் தேடுங்கள். சாம்பல் பூசாமல் வெள்ளையாக நிற்கும் ஒவ்வொன்றும் பழைய கையெழுத்தின் மிச்சம். அதை முடித்த பிறகே கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் `Unlink Citations` அழுத்தி இதழுக்கு அனுப்புங்கள். மூலக் கோப்பு உயிரோடு இருக்கட்டும், மதிப்பீட்டாளர் குறிப்பு வரும்போது வேலை அதில்தான்.