கொசைன், டாட் பிராடக்ட், யூக்ளிடியன்: மூன்றையும் பல வருடம் பயன்படுத்திய பிறகு

ஆவணத் தேடலுக்கு இந்த மூன்று அளவுகளையும் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அவர்களுடைய எம்பெடிங் வெக்டர்களின் நீளத்தைத்தான்.

எல்லா வெக்டர்களுக்கும் நீளம் 1 என்றால் சண்டையே இல்லை. டாட் பிராடக்டும் கொசைனும் ஒரே எண். யூக்ளிடியன் தூரத்தின் வர்க்கம் `2 - 2cos`. ஆகவே மூன்றும் ஒரே வரிசையைத்தான் தரும். அங்கே நான் டாட் பிராடக்டையே வைத்துக்கொள்வேன், கணக்கு குறைவு.

நீளங்கள் வேறுபட்டால் நிலைமை தலைகீழ். தேடல் வெக்டர் (1, 0) என்று வையுங்கள். ஆவணங்கள் A (0.8, 0.6), B (3, 4), C (2, 0). கொசைனுக்கு C தான் முதல், ஏனென்றால் திசை அப்படியே பொருந்துகிறது. டாட் பிராடக்டில் B 3 பெற்று, 2 பெற்ற C-ஐ முந்திவிடுகிறது; திசை மிகவும் விலகியது B-தான், ஆனால் அதன் நீளம் 5. யூக்ளிடியனில் A ஜெயிக்கிறது: தூரம் சுமார் 0.63, C-க்கு 1. ஒரே கேள்விக்கு மூன்று வெற்றியாளர்கள்!

நடைமுறையில் இது எங்கே கடிக்கும் என்றால், இடத்தை மிச்சப்படுத்த வெக்டரின் முதல் சில பரிமாணங்களை மட்டும் வெட்டி வைக்கும்போது. முழு வெக்டரின் நீளம் 1 ஆக இருந்தாலும் வெட்டிய துண்டின் நீளம் பொதுவாக அதைவிடக் குறையும், அதுவும் ஆவணத்துக்கு ஆவணம் வேறு அளவில். டாட் பிராடக்ட் இண்டெக்ஸ் எந்தப் பிழையும் காட்டாது. எதைத் தேடினாலும் அதே சில ஆவணங்கள் மேலே வந்து நிற்கும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் ஓர் ஆவணத்தின் வெக்டரையே தேடலாகக் கொடுங்கள். வேறொன்று அதைவிட அதிக மதிப்பெண் வாங்கினால் நீளம் சமமாக இல்லை என்று அர்த்தம். நேரடியாகவும் பார்க்கலாம்:

```python
n = np.linalg.norm(X, axis=1)
print(n.min(), n.max())
X = X / n[:, None]
```

கடைசி வரியை வெட்டிய பிறகுதான் ஓட்ட வேண்டும், முன்பு ஓட்டிப் பயனில்லை. தேடல் வெக்டரின் நீளம் டாட் பிராடக்டின் வரிசையைப் பாதிக்காது, மதிப்பெண்ணை மட்டும் மாற்றும். ஆவணங்களின் நீளம் வேறுபட்டிருந்தால் யூக்ளிடியனில் வரிசையே மாறலாம், அதனால் தேடல் வெக்டரையும் சேர்த்தே சரிசெய்துவிடுவேன்.

இதற்கு விலக்கு உண்டு. `multi-qa-mpnet-base-dot-v1` போன்ற மாடல்கள் டாட் பிராடக்டுக்காகவே பயிற்சி பெற்றவை. அவற்றின் நீளத்திலும் தகவல் இருக்கிறது, அதை அழிக்காதீர்கள்.

அப்புறம், அளவை மாற்றும்போது எந்த மதிப்பு வரை ஏற்பது என்ற வரம்பையும் மாற்ற வேண்டும். நீளம் 1 ஆன வெக்டர்களில் கொசைன் 0.8 என்பது pgvector-இன் `<->` குறியில் 0.63 ஆக வரும். FAISS-இன் `IndexFlatL2` வர்க்கமூலம் எடுக்காமல் தருவதால் அங்கே அதே ஜோடிக்கு 0.4.