புகார் அஞ்சல்பெட்டி: பொது பாஸ்வேர்டா, குரூப் முகவரியா, ஷேர்டு மெயில்பாக்ஸா?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். குழு அமைந்ததும் ஒரு மின்னஞ்சல் முகவரி தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்தும் ஒரு நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம்.

பலர் முதலில் செய்வது, ஒரு கணக்கைத் திறந்து பாஸ்வேர்டை எல்லா உறுப்பினருக்கும் கொடுப்பது. ஒரு புகாரைப் படித்தது யார், அழித்தது யார் என்று பின்னால் சொல்லவே முடியாது, பதிவில் எல்லோரும் ஒரே ஆள்தான். இந்த வழியை இத்தோடு விட்டுவிடலாம்.

குரூப் முகவரி பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் வரும் ஒவ்வொரு புகாரின் நகலும் ஒவ்வொரு உறுப்பினரின் சொந்த இன்பாக்ஸிலும் போய் உட்காரும். குழுவிலிருந்து விலகியவரைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் பழைய புகார்கள் அவரிடமே இருக்கும். சட்டப்படி குழுவில் வெளியாள் ஒருவர் இருந்தாக வேண்டும். அவருடைய தனிப்பட்ட மெயிலைச் சேர்த்தால், புகார் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை விட்டே போய்விடுகிறது.

என் தேர்வு ஷேர்டு மெயில்பாக்ஸ், அதாவது பொது பாஸ்வேர்டு இல்லாமல், அனுமதி பெற்றவர்கள் தத்தம் கணக்கிலிருந்தே திறக்கும் பொதுப் பெட்டி. அஞ்சல் ஓரிடத்தில் மட்டும் இருக்கும், அனுமதியை எடுத்தால் கதவு மூடிவிடும். வெளி உறுப்பினருக்கு மட்டும் நிறுவனத்திலேயே ஒரு கணக்கு, உரிமத்தோடு, திறக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு தகும்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. அங்கிருந்து பதில் அனுப்பினால், அதன் நகல் இயல்பாக அனுப்பியவரின் Sent Items-இல் தங்கிவிடும், பொதுப் பெட்டியில் பாதி உரையாடல்தான் இருக்கும். அட்மினிடம் சொல்லி இதை மாற்றலாம்:

```
Set-Mailbox ic@example.com -MessageCopyForSentAsEnabled $true
Get-MailboxPermission ic@example.com
```

இரண்டாவது வரி, உள்ளே நுழையும் அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். மாதம் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் அட்மின் நினைத்தால் தனக்கே அனுமதி கொடுத்துக்கொள்ள முடியும். அதைத் தடுப்பதைவிடக் கண்டுபிடிப்பதுதான் எளிது.

அப்புறம், அழித்த அஞ்சல். உரிமம் இல்லாமலேயே 50 ஜிபி வரை இடம் கிடைக்கும் என்பதால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் முழுதாக அழிக்கப்பட்டதை மீட்க இயல்பாக 14 நாள் அவகாசம்தான். அழித்த அஞ்சலையும் பின்னணியில் காத்துவைக்கும் litigation hold போட்டால் நிலைக்கும், அதற்குப் பெட்டிக்கே தனி உரிமம் வேண்டும். விசாரணைக்கு மட்டுமே 90 நாள் வரை ஆகலாம் எனும்போது இதில் சிக்கனம் கூடாது.

ஷேர்டு மெயில்பாக்ஸால் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. புகாரே குழு உறுப்பினர் ஒருவர் மேல் வந்தால், முழு அனுமதி உள்ளவர் அதையும் படித்துவிடுவார், இன்பாக்ஸில் ஓர் அஞ்சலை மட்டும் ஒருவரிடமிருந்து மறைக்க வழியில்லை. ஆகவே வெளி உறுப்பினர் மட்டும் திறக்கும் இரண்டாவது பெட்டி ஒன்றையும் அமைத்து, இரண்டு முகவரிகளையும் அறிவிப்புப் பலகையில் சேர்த்தே போடுங்கள்.