ஊட்டிக் குளிரில் காபி வண்டி: கேஸா, பேட்டரியா?

மச்சான் ஊட்டி மார்க்கெட் பக்கம் காபி வண்டி போடப் போகிறான். காலை 5.30 முதல் 11 வரை, 100 டம்ளர் கணக்கு. எஸ்பிரஸோ மெஷினைப் பேட்டரியில் ஓட்டலாம் என்பது அவன் ஆசை. கேஸ் அடுப்பும் பெரிய பில்டரும் போதும் என்பது என் கட்சி.

முதலில் மெஷின். ஒரே ஒரு ஹேண்டில் உள்ள சின்ன மெஷினே சுமார் 2 கிலோவாட் இழுக்கும். ஆனால் காபி போடுவதைவிட, ஆள் வராத நேரத்தில் பாய்லரைச் சூடாகவே வைத்திருப்பதில்தான் கரண்ட் அதிகம் போகிறது. நூறு காபிக்குப் பால் நுரைப்பதையும் சேர்த்து இரண்டரை யூனிட்டுக்கு மேல் வந்தது. 12 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 1.2 யூனிட், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். ஆக மூன்று பேட்டரி வேண்டும். உறைபனி விழும் ராத்திரியில் அவற்றை வண்டியிலேயே விட்டு சார்ஜ் போடக் கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி கெட்டுவிடும். தினமும் மூன்றையும் வீட்டுக்குத் தூக்க வேண்டியதுதான்.

சரி, கேஸ்? அரை கிலோ அளவில் காரியம் முடிந்துவிடும். "இந்த உயரத்துல தண்ணி சரியா கொதிக்காதே மாமா" என்றான். உண்மைதான், சுமார் 2,240 மீட்டரில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டிகாக்ஷனுக்கு அந்தச் சூடே போதும். பிரச்சினை டம்ளரில்தான்: ஜில்லென்ற எவர்சில்வரில் ஊற்றினால் இரண்டு மடக்கில் ஆறிவிடும். பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில், வெந்நீரில் டம்ளர்களைப் போட்டு வைத்தால் சரியாகும்.

கேஸுக்கும் குளிர் ஆகாது. சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆவியாகவே மறுக்கும். 5 கிலோ சிலிண்டரில் பெரிய பர்னரை வைத்தால் அரை மணியில் சுடர் சுருங்கும், சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்து வெள்ளையாகப் பனி பூக்கும். காலியாகிவிட்டது என்று நினைத்து மாற்றிவிடுவார்கள். ஆட்டிப் பார்த்தால் உள்ளே கேஸ் குலுங்கும். தீ காட்டிச் சூடேற்றுவது ஆபத்து. 19 கிலோ சிலிண்டர், நடுத்தர பர்னர் என்று போனால் இந்தத் தொல்லை குறையும்.

தண்ணீரில் இரண்டும் ஒன்றுதான். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை, அதனால் டம்ளர் கழுவியாக வேண்டும். ஒன்றுக்கு 300 மில்லி என்றாலும் 30 லிட்டர். காபிக்கு ஐந்தாறு லிட்டர் சேர்த்தால் இரண்டு 20 லிட்டர் கேன், அதாவது 40 கிலோ. பால் கலந்த கழுநீருக்கு மூடி போட்ட இன்னொரு டிரம். இத்தனையும் ஏற்றிய வண்டியை மேட்டில் நிறுத்த பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும்.

மச்சான் கடைசியில் கேஸுக்கு இறங்கி வந்தான். பல்புக்கும் அரவை மெஷினுக்கும் ஒரு பேட்டரி மட்டும் வைத்துக்கொள்கிறான்.