ஒரே கியூஆர், மூன்று கவுன்ட்டர்: யார் வசூல் யார் கண்ணில் படும்?

சேலம் நாலு ரோடு பக்கம் மாமாவுக்கு ஒரு கடை. வாசலில் தட்டுவடை செட், நடுவில் ஜூஸ், உள்ளே தள்ளி இனிப்பும் காரமும். மூன்றுக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே கியூஆர் ஸ்டிக்கர், அதன் கீழே ஒரே சவுண்ட் பாக்ஸ். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூட்டம் நெரிக்கும்போது பெட்டி "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லும். ஜூஸ் கவுன்ட்டரில் ஒருவர் அறுபது ரூபாய்க்கு மாதுளை வாங்கியிருப்பார். வாசலில் இன்னொருவர் அதே அறுபதுக்கு ஒன்றரை செட் தின்று முடித்திருப்பார். பெட்டி ஒரு தடவைதான் சொன்னது, கிளம்பியதோ இரண்டு பேரும்.

இதற்கு மாமா கண்டுபிடித்த வைத்தியம், தன் போனையே கவுன்ட்டர் கவுன்ட்டராகச் சுற்ற விடுவது. வேலை நடந்தது. ஆனால் அன்றைய மொத்த வசூல், நேற்றைய வசூல், பணம் அனுப்பியவர்களின் பெயர், சிலரின் போன் நம்பர் எல்லாம் கடைப் பையன்கள் கண்ணில் பட்டன. போன் நம்பரே யுபிஐ முகவரியாக இருப்பவர்கள் நிறைய. ஜூஸ் வாங்கிய ஒரு பெண்ணின் நம்பர் கடையில் வேலை செய்யும் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அப்போதுதான் மாமா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, கியூஆர் ஒண்ணே போதும். ஆனா அவங்கவங்க கவுன்ட்டர் காசு மட்டும் அவங்கவங்களுக்குத் தெரியணும். முடியுமா?"

முடியும். அதற்கு மூன்று வழிகள் உண்டு, எப்படி முடிகிறது என்பதில்தான் அவை பிரிகின்றன. சுவரில் ஒட்டிய ஸ்டிக்கருக்குள் இருப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&cu=INR
```

யாருக்குப் பணம், என்ன பெயர், எந்த நாணயம். எந்தக் கவுன்ட்டர் என்பது இதில் எங்கேயும் இல்லை. வாசலில் நின்று ஸ்கேன் செய்தாலும் உள்ளே நின்று செய்தாலும் வங்கிக்குப் போகும் செய்தி ஒன்றே. அதனால் "ஒரே கியூஆர், கவுன்ட்டர்வாரியாகப் பிரித்துக் காட்டுவோம்" என்று பேமென்ட் ஆப் விற்க வருகிற பையன் சொன்னால், அந்தப் பிரிப்பு எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். பணம் வருவதற்கு முன்பா, வந்த பின்பா?

முதல் வழி, வந்த பின் பிரிப்பது. சுவரில் இருப்பது அதே பழைய ஸ்டிக்கர். ஒவ்வொரு கவுன்ட்டர் ஆளுக்கும் ஆப்பில் தனி லாகின். ஜூஸ் போடும் பெண் பில் தொகையாக 60 என்று தட்டிவிட்டுக் காத்திருப்பார். அடுத்த ஓரிரு நிமிடத்தில் 60 ரூபாய் வந்தால் ஆப் அதை அவர் கணக்கில் சேர்க்கும். மற்ற கவுன்ட்டர் பணம் அவருக்குத் தெரியாது, மொத்தமும் தெரியாது. முதலாளி லாகினில் மட்டும் எல்லாம் தெரியும். இதையே இன்னும் மலிவாகச் செய்யும் ஆப்களும் உண்டு. அவை ஷிப்ட் நேரத்தை மட்டும் பார்க்கும். நீங்கள் லாகின் செய்திருந்த நேரத்தில் வந்த பணம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரே நேரத்தில் மூன்று பேர் வேலை செய்யும் கடையில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, மூன்று பேருக்கும் ஒரே பட்டியல்தான் வரும்.

தொகையை வைத்துப் பொருத்தும் முறையைத்தான் நாங்கள் முதலில் போட்டோம். ஸ்டிக்கர் மாற வேண்டாம், வாடிக்கையாளர் பழக்கம் மாற வேண்டாம் என்பதால் மாமாவுக்கு அது பிடித்திருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு கணக்கு இப்படி வந்தது. யுபிஐயில் வந்தது மொத்தம் 18,640 ரூபாய். தட்டுவடை 7,920, ஜூஸ் 6,310, இனிப்பு 4,030. கூட்டினால் 18,260. மீதி 380 ரூபாய் யார் கணக்கிலும் சேராமல் தனியாகக் கிடந்தது.

அதில் இரண்டே வரிகள். ஒன்று 120. பக்கத்து லாட்ஜ் அண்ணன் முந்தின நாள் பாக்கியை வீட்டிலிருந்தே அனுப்பியது. கடையில் யாரும் அந்தத் தொகைக்குக் காத்திருக்கவில்லை, அதனால் பொருந்தவில்லை. இன்னொன்று 260. இனிப்பு கவுன்ட்டரில் பில் 206. வாடிக்கையாளர் அவசரத்தில் 260 என்று தட்டியிருக்கிறார். ஆப் 206க்குக் காத்திருந்து "வரவில்லை" என்றது, சவுண்ட் பாக்ஸ் மட்டும் 260 என்று கத்தியது. கவுன்ட்டர் பையன் அதைக் கேட்டு ஆளை அனுப்பிவிட்டான். 54 ரூபாய் அதிகம் கொடுத்த ஆள் இன்னும் வரவில்லை.

இவை கண்ணுக்குத் தெரிகிற தப்புகள். தெரியாத தப்பு அந்த அறுபதுதான். இரண்டு கவுன்ட்டரும் ஒரே நேரத்தில் 60க்குக் காத்திருந்து ஒரு 60 மட்டும் வந்தால், ஆப்பால் முடிவு சொல்ல முடியாது. நல்ல ஆப் இருவரிடமும் "உங்களுடையதா?" என்று கேட்கும். சுமாரான ஆப் முதலில் தட்டியவருக்குக் கொடுத்துவிடும். கேட்கும் ஆப்பாக இருந்தால் ஒரு பழக்கம் வேண்டும்: வாடிக்கையாளர் போனில் தெரியும் 12 இலக்க யுடிஆர் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்துப் பொருத்துவது. அந்த நம்பரால் இன்னொரு உபயோகமும் உண்டு. பெரும்பாலும் அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2025 ஆகஸ்ட் 15 அன்று வந்த பணம் 5227 என்று தொடங்கும். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி நழுவுகிறவரை இதை வைத்துச் சந்தேகப்படலாம். ஆனால் பணம் வந்ததா இல்லையா என்பதை உங்கள் பக்கத்து ஆப் மட்டும்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி, வருவதற்கு முன்பே முத்திரை குத்துவது. கடையின் யுபிஐ முகவரி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் திரையில் புதிதாக ஒரு கியூஆர் எழும். அதற்குள்ளே தொகையும் பில் நம்பரும் இருக்கும்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&am=60.00&tr=K20001147&cu=INR
```

இதில் `K2` என்பது ஜூஸ் கவுன்ட்டர், மீதி பில் வரிசை எண். பணம் வந்த செய்தியோடு இந்த `tr` திரும்பி வரும். அதைப் பார்த்துச் சாப்ட்வேர் இரண்டாம் கவுன்ட்டர் திரையில் மட்டும் பச்சை காட்டும். இரண்டு அறுபது ஒரே நொடியில் வந்தாலும் குழப்பம் இல்லை. தொகை ஏற்கெனவே நிரம்பி வருவதால் 206, 260 ஆகாது. குறிப்பு எழுதும் இடத்தில், அதாவது `tn`இல், கவுன்ட்டர் பெயரைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது படிப்பதற்கான குறிப்பு, பணம் வந்த செய்தியில் அது அப்படியே திரும்பி வரும் என்று நம்பிக் கணக்கு வைக்க முடியாது. அதோடு இது வியாபாரிக் கணக்கில்தான் ஒழுங்காக நடக்கும். மாமா மாதிரி முதல் ஆறு மாதம் சொந்த சேமிப்புக் கணக்கின் கியூஆரைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தால், பில் நம்பரை வைத்துப் பிரிக்கிற வசதி எதுவும் கிடைக்காது.

இதன் குறை வேகம். தட்டுவடை செட் கவுன்ட்டரில் எண்ணெய்க் கையோடு ஒவ்வொரு முறையும் தொகை தட்டித் திரையைத் திருப்பிக் காட்ட வேண்டும். எதிர்வெயிலில் திரை தெரியாது. பத்து பேர் வரிசையில் நிற்கும்போது இரண்டாவது ஆள், முதல் ஆளின் கியூஆரையே எட்டி ஸ்கேன் செய்துவிடுவார். இனிப்பு கவுன்ட்டரில் எப்படியும் எடை போட்டுப் பில் அடிக்கிறோம், அங்கே இது கச்சிதம்.

மூன்றாவது வழி கவுன்ட்டருக்கு ஒரு ஸ்டிக்கர். மூன்று யுபிஐ முகவரிகள், மூன்றும் போய்ச் சேருவது ஒரே வங்கிக் கணக்கில். வாடிக்கையாளர் ஸ்கேன் செய்தால் எல்லாவற்றிலும் ஒரே கடைப் பெயர்தான் வரும். "மூணு ஸ்டிக்கர் ஒட்டினா மூணு கடைன்னு நெனச்சுக்குவாங்க" என்று மாமா பயந்தார், யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஒரு சவுண்ட் பாக்ஸ் கட்டிக்கொள்ளலாம், தட்டுவடை பெட்டி தட்டுவடைப் பணத்தை மட்டும் சொல்லும். எதையும் தட்ட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்பதால், ஸ்டிக்கர் ஒன்றா மூன்றா என்பதில் செலவு வித்தியாசம் பெட்டி வாடகை மட்டும்தான்.

ஆனால் இது கவுன்ட்டரைத்தான் பிரிக்கும், ஆளைப் பிரிக்காது. மழைக்காலத்தில் ஜூஸை மூடிவிட்டு அந்தப் பெண்ணை இனிப்புக்கு மாற்றினால் லாகினையும் மாற்ற வேண்டும், மறந்துபோகும். அப்புறம், ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பணம் பறிக்கும் வேலை எங்கும் நடக்கிறது. ஒரு ஸ்டிக்கர் என்றால் காலையில் ஒரு ரூபாய் போட்டுச் சரிபார்க்கலாம். மூன்று என்றால் மூன்று ரூபாய், மூன்று நிமிடம்.

மாமாவின் மச்சான் ஏற்காட்டில் காப்பித்தூளும் மிளகும் விற்கிறார். அவருக்கு வேறு கதை. சனி ஞாயிறுக்கு மட்டும் வரும் பையன்கள், எந்தக் கவுன்ட்டரில் யார் என்று நிலையாகச் சொல்ல முடியாது. சிக்னலும் வந்து வந்து போகும். திரையில் கியூஆர் எழுவதற்கு நெட் கட்டாயமில்லை, அது வெறும் எழுத்து வரிசைதான். பணம் வந்ததென்று தெரிவதற்கு நெட் வேண்டும். அவர் ஸ்டிக்கர் ஒன்றையே வைத்துக்கொண்டு, பையனுக்கொரு லாகின், பணம் வந்த பின் தொகை பார்த்துச் சேர்ப்பது என்று முதல் வழியிலேயே இருக்கிறார். அவர் பில்கள் 430, 785 என்று விதவிதமாக இருப்பதால் ஒரே தொகை மோதுவது அபூர்வம். அவருக்கு அது சரி.

எங்கள் கடையில் கடைசியில் கலந்துதான் போட்டோம். தட்டுவடைக்கும் ஜூஸுக்கும் தனித்தனி ஸ்டிக்கரும் பெட்டியும், இனிப்புக்குத் திரையில் எழும் கியூஆர். ஒரே கியூஆர் என்ற மாமாவின் ஆசை நிறைவேறவில்லை, ஒரே வங்கிக் கணக்கு என்பது நிறைவேறியது. பழைய சுவர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டோம், ஆனால் அந்த முகவரியை மூடவில்லை. லாட்ஜ் அண்ணன் அதைப் போனில் சேமித்து வைத்திருக்கிறார், பாக்கியை இன்னும் அதற்குத்தான் அனுப்புகிறார். அது மாமா லாகினில் மட்டும் வரும்.