சதுர அடிக்கு 133 ரூபாய் என்று பேசி 218 ரூபாய்க்கு பில் வந்த கதை: டைல்ஸ் போடப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

மதுரை திருநகரில் அம்மா இருக்கிற வீட்டில் பழைய மொசைக் தரை அங்கங்கே பொரிந்துபோய் காலைக் கீற ஆரம்பித்ததால், ஹாலுக்கும் ஒரு ரூமுக்கும் மட்டும் டைல்ஸ் போட்டுவிடலாம் என்று தெரிந்தவர் சொன்ன ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தோம். ஹால் 20க்கு 14, ரூம் 12க்கு 10. ஆக மொத்தம் சரியாக 400 சதுர அடி. இந்த 400-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஏனென்றால் பில்லில் இந்த எண் டைல்ஸ், கூலி, உடைப்பு எதிலுமே வரவில்லை.

அவர் பேசியது இப்படி: டைல்ஸ் 60, ஒட்டுகிற பசை 18, கூலி 35, பழைய தரையை உடைக்க 20. கூட்டினால் சதுர அடிக்கு 133 ரூபாய், 53,200-க்குள் முடிந்துவிடும். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டிருந்தோம், அவர்கள் சொன்னதைவிட இது குறைவு. வேலை முடிந்து வந்த பில் 87,120.

ரேட்டை அவர் ஏற்றவே இல்லை, அதுதான் சாமர்த்தியம். 60 என்றது 60-தான், 35 என்றது 35-தான். ரேட்டை அப்படியே விட்டுவிட்டு சதுர அடியை வளர்த்திருக்கிறார், அதுவும் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு அளவு.

டைல்ஸ் 480 சதுர அடி என்று போட்டிருந்தது. வந்த பாக்ஸ் 30. ஒரு பாக்ஸில் நான்கு டைல், ஒவ்வொன்றும் "இரண்டுக்கு இரண்டு", அதனால் பாக்ஸுக்கு 16 சதுர அடி, முப்பதுக்கு 480 என்று கணக்கு. ஆனால் டைல் இரண்டடி கிடையாது. 600 மில்லிமீட்டர், அதாவது இருபத்து மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பாக்ஸ் அட்டையிலேயே 1.44 சதுர மீட்டர் என்று இருக்கும், அது 15.5 சதுர அடி. முப்பது பாக்ஸுக்கு 465-தான் வரும். இதில் போனது 900 ரூபாய், பெரிதில்லை. ஆனால் இதே விஷயம் வேஸ்டேஜிலும் வேலை செய்யும். 14 அடி அகலத்துக்கு ஏழு டைல் போதும் என்று நினைப்போம், ஏழு வைத்த பிறகு சுவர் ஓரத்தில் இரண்டு அங்குலம் மிச்சம் நிற்கும். 20 அடி பக்கம் பத்து வைத்தால் மூன்று அங்குலம் நிற்கும். அந்தப் பட்டைகளை ஒரே டைலில் இருந்து வரிசையாக அறுப்பவரும் உண்டு, பட்டைக்கு ஒரு டைல் என்று எடுத்து மிச்சத்தை வாசலில் எறிபவரும் உண்டு. நேராகப் போடுகிற சாதாரண செவ்வக ரூமுக்கு ஏழு சதவீதம் போதும். குறுக்காகப் போட்டாலோ தூண், மூலை நிறைய இருந்தாலோ பத்துக்கு மேல் போகும். எங்களுக்குத் தரை 400, சுவரடி ஸ்கர்டிங்குக்கு 33, அதற்கு மேல் ஏழு சதவீதம் வைத்தால் 463. முப்பது பாக்ஸ் நியாயமான வாங்கல்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

கூலியில்தான் ஆள் மாட்டினார். வாங்கிய டைலின் 480-ஐயே கூலிக்கும் போட்டிருக்கிறார். அறுத்து எறிந்த துண்டுக்கும் ஒட்டிய கூலி! அது மட்டுமில்லை, அந்த 480-க்குள் ஸ்கர்டிங் டைலும் இருக்கிறது. அதற்குத் தனியாக ரன்னிங் அடிக்கு 40 என்று 112 அடிக்கு மறுபடி ஒரு வரி. நான்கு சுவரையும் கூட்டினால் 112 வரும், சரி, ஆனால் வாசலும் கதவு நிற்கிற இடமும் கழித்தால் 100-தான். கதவு நிலைக்குக் குறுக்கே யாராவது ஸ்கர்டிங் ஒட்டுவார்களா?

உடைப்புக்கு 460. எப்படி என்று கேட்டேன். "தம்பி, ஊருல எல்லாரும் சுவரோட சேர்த்துத்தான் அளப்பாங்க" என்றார். "அண்ணே, சுவரையுமா உடைச்சீங்க?" என்றதற்குச் சிரித்துக்கொண்டார், பதில் இல்லை.

அப்புறம் பேச்சிலேயே வராத இரண்டு வரிகள். ஒன்று ரப்பீஸ் அள்ள 5,400, மூன்று டிராக்டர் நடை. இதில் பொய் இல்லை. மொசைக்கும் அடிக்கலவையும் சேர்ந்து மூன்று அங்குலம் வந்தது, 400 சதுர அடிக்கு அதுவே 100 கன அடி, உடைத்துக் குவித்தால் ஒன்றரை மடங்காக உப்பும். ஆனால் "உடைக்க 20" என்றால் உடைத்து வாசலில் கொட்டுவது வரைதானாம். இன்னொன்று லெவல் கலவை, சதுர அடிக்கு 30, மறுபடி 460-க்கு 13,800. மூன்று அங்குலத்தைத் தோண்டி எடுத்த இடத்தில் டைலும் பசையும் சேர்ந்து அரை அங்குலம்தான் நிற்கும், மீதி இரண்டரை அங்குலத்தை எதையாவது போட்டு நிரப்பித்தானே ஆக வேண்டும்! உடைக்கிற ரேட் சொல்கிறவருக்கு இது முதல் நாளே தெரியும். பழைய தரை ஆடாமல் கெட்டியாக இருந்து, கதவுக்குக் கீழே அரை அங்குலம் இடமும் இருந்தால், உடைக்காமல் மேலேயே ஒட்டலாம், உடைப்பு, ரப்பீஸ், லெவல் மூன்றும் மிச்சம். எங்கள் மொசைக் பெயர்ந்து ஆடியதால் அந்த வழி இல்லை.

பணத்தைவிட எரிச்சல் பசையில். 20 கிலோ மூட்டை 800 ரூபாய், மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இழுத்தால் ஏறக்குறைய 45 சதுர அடி வரும், அதுதான் 18 ரூபாய்க் கணக்கு. ஸ்கர்டிங்கோடு சேர்த்து பத்து மூட்டை ஆகியிருக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே கிடந்த காலி மூட்டையை எண்ணினேன், ஐந்து. பில்லில் 480 சதுர அடிக்கு 8,640. மீதி எங்கே என்று ஹாலில் ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்த்தேன். நடுவில் கணீரென்று ஒரு சத்தம், ஓரத்தில் பொத்தென்று வேறு சத்தம், உள்ளே காற்று. அவர் ஆளையே விட்டு ஒன்றைப் பெயர்க்கச் சொன்னேன். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக ஐந்து இடத்தில் அப்பியிருந்தது, மற்ற இடமெல்லாம் டைலின் பின்பக்கம் தொழிற்சாலையில் இருந்து வந்த வெள்ளைப் பொடியோடு அப்படியே இருந்தது. விட்ரிஃபைடு டைல் தண்ணீரை இழுக்காது, அதனால் சிமென்ட் பாலில் பிடிக்காது, பசை முழுப்பரப்பிலும் பட்டால்தான் நிற்கும். அதற்குத்தான் பல் வைத்த கரண்டியால் தரை முழுக்கக் கோடு கோடாக இழுத்துவிட்டு டைலை அழுத்துவது. உருண்டை வைத்து ஒட்டினால் பசை இல்லாத இடத்தில் கனமான சாமான் விழுந்தால் டைல் விரிசல் விடும்.

உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன். டைல்ஸ் 27,900, கூலி 14,000, பத்து மூட்டைப் பசை 8,000, உடைப்பு 8,000, லெவல் 12,000, டிராக்டர் 5,400, ஸ்கர்டிங் 4,000. மொத்தம் 79,300, அதாவது சதுர அடிக்கு 198. ஆக யோக்கியமாகச் செய்திருந்தாலும் 133 வந்திருக்காது. அதிகமாகச் சொன்னார்கள் என்று நாங்கள் வேண்டாம் என்ற இரண்டு பேரும் ரப்பீஸையும் லெவலையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள் என்பதை இப்போது அவர்கள் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தால் தெரிகிறது. இது எங்களுக்குக் கிடைத்த ரேட், உங்கள் ஊரில் மாறும், டைல் விலையைப் பொறுத்தும் மாறும்.

நீங்கள் தாளில் எழுதி வாங்க வேண்டியது ரேட்டை அல்ல, அளவை. கூலி, உடைப்பு, லெவல் மூன்றும் சுவருக்கு உள்ளே அளந்த தரைக்கு மட்டும், டைல்ஸ் பாக்ஸ் அட்டையில் இருக்கிற சதுர மீட்டருக்கு, பசை மூட்டை எண்ணிக்கைக்கு. காலி மூட்டையை வேலை முடிகிறவரை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், இடைவெளியில் கலர் பூசுவதற்கு முன்பே காசால் தட்டிவிடுங்கள்.

அவருக்கு ஐந்து மூட்டைக்கான 4,000 போட்டு 75,300 கொடுத்தோம். கோபித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். பொத்தென்று கேட்ட டைல்களை மாற்றித் தருவதாகச் சொன்னவர் இதுவரை போன் எடுக்கவில்லை, வேறு டைல்ஸ்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.